ஆறாம் பக்கத்து மிருகம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஃபைலக்கா என்றால் வாசல் காவலாளிகூடக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விடுவார். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறையில், நோயாளிகளின் கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்கி வைப்பதும் கேட்ட நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. இருபத்தாறு வருஷம். எண் தவறி அடுக்கப்பட்ட கோப்பு காணாமல் போன கோப்புதான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். சொல்லிவிட்டு அவர்கள் அடுக்கியதை எல்லாம் தானே மறுபடி அடுக்குவாள். யாரையும் லேசில் நம்பமாட்டாள் என்று பேர்.

அப்படிப்பட்டவள் நம்பியது இரண்டே இரண்டு பேரை. ஒருவர் அவளுடைய அண்ணன். மற்றவர் அவர்கள் சபையின் போதகர்.

அண்ணன் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். மீட்டர் அண்ணன் என்றுதான் சபையில் கூப்பிடுவார்கள். சபையின் செயலாளர். கறார் பேர்வழி. ஜெபம் ஐந்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தால் ஆறாவது நிமிடத்தில் தொண்டையைச் செருமுவார். அவள் கணவன் இறந்தபோது கூடவே நின்றவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு, பதினோரு வருஷமாக.

போதகரும் லேசுப்பட்டவர் அல்ல. அவள் கணவன் கடைசியாகக் கிடந்த ஒன்பது நாளும் தவறாமல் வந்து கட்டிலருகே உட்கார்ந்தவர். ஐம்பத்திரண்டு வயதில் வேத பாடம் படிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தபோது, இந்த வயதில் எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். இறையியல் கல்லூரியின் மாலை வகுப்புக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அந்தக் கடிதத்தின் நகலை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

இரண்டாம் வருஷத்தில் வெளிப்பாட்டு இலக்கியம் என்று ஒரு பாடம். நடத்தியவர் ஒரு பேராசிரியை. குட்டையாக இருப்பார், கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுவார், மூக்கின்மேல் வரும் கோபம். முதல் வகுப்பிலேயே, இது நாளைய செய்தித்தாள் இல்லை, இது ஒரு இலக்கிய வகை என்று சொல்லிவிட்டார். கவிதையைக் கவிதையாகவும் கடிதத்தைக் கடிதமாகவும் படிக்கிறோம் அல்லவா, அதுபோல இதற்கும் ஒரு வாசிப்பு முறை இருக்கிறது. மேலுலகத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, மறைந்திருப்பதை ஒரு மனிதனுக்குக் காட்டுகிறார். அவன் கண்டதைக் கதையாகச் சொல்கிறான். பெரும்பாலும் மிதிபட்ட ஜனங்களுக்காக எழுதப்பட்டது. உங்களை மிதிக்கிற ராஜ்யம் நிரந்தரம் இல்லை என்று சொல்வதற்காக எழுதப்பட்டது. எழுதினவனுடைய காலத்து ஜனங்களுக்கு அதில் என்ன புரிந்திருக்கும் என்பதுதான் முதல் கேள்வி என்றார்.

அவளுக்குக் கிடைத்த கட்டுரைத் தலைப்பு, வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் பதின்மூன்றாம் அதிகாரத்தின் மிருகம். சிறு வயதிலிருந்தே அவளுக்கு அந்த அதிகாரம் என்றால் பயம். ஏழு தலை, பத்துக் கொம்பு, அறுநூற்று அறுபத்தாறு, வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை, முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது. பால்ய காலத்தில் இதைக் கேட்டுவிட்டுத் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தவள்.

ஆனால் உட்கார்ந்து படிக்கப் படிக்கப் பயம் போய் வேலை பிடித்துப் போனது. கோப்பறை மூளைக்கு ஏற்ற வேலை. பேராசிரியை சொல்லிக் கொடுத்த வரிசையில் போனாள். நூலே ஒரு அடையாளத்துக்கு விளக்கம் சொல்கிறதா என்று முதலில் பார். சொல்கிறது: ஏழு தலைகளும் ஏழு மலைகள், ஏழு ராஜாக்கள் என்று பதினேழாம் அதிகாரத்தில் தூதனே சொல்கிறான். ஏழு மலைமேல் இருக்கிற நகரம் என்றால் அந்தக் காலத்தில் யாருக்கும் ரோமாபுரிதான் நினைவுக்கு வரும். அடுத்து, அதே அடையாளம் பழைய ஏற்பாட்டில் எங்கே வருகிறது என்று பார். தானியேலில் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஏறி வருகின்றன: சிங்கம், கரடி, சிறுத்தை, பேர் தெரியாத நான்காவது ஒன்று. இங்கே அதே நான்கும் ஒரே உடம்பில்: சிறுத்தை உடல், கரடிக் கால், சிங்க வாய், பத்துக் கொம்பு. தானியேலின் நான்கு மிருகங்களின் தலைகளை ஒரு நாள் மதியம் காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். சிறுத்தைக்கு நான்கு, மற்றவைக்கு ஒவ்வொன்று. ஏழு. சோற்று டப்பாவை மூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். தானியேலில் அந்த மிருகங்கள் ராஜ்யங்கள் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. அப்படியானால் இங்கே இருப்பது எல்லாக் கொடுங்கோல் ராஜ்யங்களையும் சேர்த்துப் பிசைந்த ஒன்று.

எண்ணும் அப்படித்தான். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ரோமச் சக்கரவர்த்தியான நீரோ இராயன் என்கிற பேரை எபிரெயத்தில் எழுதிக் கூட்டினால் அறுநூற்று அறுபத்தாறு. அதில் நீரோ என்பதன் கடைசி எழுத்தை விட்டுவிட்டுக் கூட்டினால் அறுநூற்றுப் பதினாறு. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த எண்தான் இருக்கிறது. முத்திரையைப் பற்றி வருகிற வசனத்தை அடுத்து அதிகாரம் முடிந்து, உடனே ஆட்டுக்குட்டியானவருடைய, அதாவது கிறிஸ்துவினுடைய, பேரை நெற்றியில் தரித்தவர்கள் வருகிறார்கள். ஆக முத்திரை என்பது தோலில் குத்துகிற விஷயம் இல்லை, நீ யாரைக் கும்பிடுகிறாய் என்கிற விஷயம். இதையெல்லாம் எழுதும்போது அவளுக்குத் தன் வயதே மறந்து போகும்.

பேராசிரியைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. உன் கருத்தைச் சொல்வதற்கு முன் எதிர்க் கருத்தைச் சொல்ல வேண்டும். அதையும் நோஞ்சானாக நிறுத்திவைத்து அடிக்கக் கூடாது. அந்தக் கருத்து உள்ளவனே படித்துவிட்டு இது நான் சொன்னதுதான் என்று கையெழுத்துப் போடுகிற அளவுக்கு எழுத வேண்டும். 'அவர்கள் சொல்கிறார்கள், அவர்கள் சொல்கிறார்கள்' என்று வரிக்கு வரி போடக் கூடாது. தொடக்கத்தில் ஒரு தடவை போதும்.

அவள் அப்படியே எழுதினாள். ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரியில், இதை வருங்காலத்து நிகழ்ச்சிகளின் அட்டவணையாகப் படிக்கிறவர்களின் வாதம் பின்வருமாறு என்று போட்டாள். ஆறாம் பக்கம் முழுக்க அந்த வாதம். ஏழாம் பக்கத்தின் முதல் வரி, இந்த வாதம் ஏன் நிற்காது என்று ஆரம்பித்தது.

இதே வாரத்தில்தான் அண்ணன் அட்டை வேலையைக் கொண்டுவந்தார். போதகருக்கு இன்னும் ஐந்து வருஷம் கொடுப்பதா என்று சபையின் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. போன தடவை சபைக்கே வராத முகங்கள் எல்லாம் வேன் வேனாக வந்து கை தூக்கிவிட்டுப் போனதை அண்ணன் மறக்கவில்லை. இந்தத் தடவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட அட்டை. வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவது என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்துவிட்டார். எண் போட யாரைக் கூப்பிடுவார்? நானூற்றுப் பன்னிரண்டு அட்டை. மீட்டர் அண்ணன் பதிவேட்டைப் பார்த்துப் பேர் வாசிக்க, ஃபைலக்கா தன் குண்டு எழுத்தில் எண் போட்டாள். முதல் எண் அண்ணனுக்கு, இரண்டாவது அவளுக்கு. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து உறையில் போட்டுக் கொடுத்தாள். சிரிப்பும் கேலியுமாக மூன்று சாயங்காலம்.

கை அட்டை எழுதும்போது மனமும் அட்டையில்தானே இருக்கும். ஆறாம் பக்கத்தைத் திருத்தி எழுதுகிறபோது, எதிர்த்தரப்புக்குப் பலம் சேர்க்க ஒரு உதாரணம் வேண்டியிருந்தது. முத்திரை என்பது இந்நாளில் எண் போட்ட அட்டையாக வரும். அதை வலது கையில் ஏந்தாதவனுக்கு வாசல் திறக்காது என்று எழுதினாள். எழுதிப் படித்துப் பார்த்தபோது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

கட்டுரையைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் போதகரிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. சிபாரிசு செய்தவருக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது? அவரும் அதே கல்லூரியில், அதே பேராசிரியையிடம், அதே பாடம் படித்தவர். பன்னிரண்டு பக்கத்தையும் அவருடைய அலுவலக மேஜைமேல் வைத்தாள். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். பிரமாதம் சிஸ்டர் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பஸ்ஸில் ஏறாமல் வீடு வரை நடந்தே போனாள்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போதகர் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கட்டுரையைப் படம் பிடித்து வைத்திருந்த தன் கைபேசியை எடுத்தார். நம்ம சபையிலேயே, கல்லூரியில் படிக்கிற சகோதரி ஒருத்தர் ஆராய்ந்து எழுதினது, என் சொந்தச் சரக்கு ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டு வாசித்தார். முத்திரை என்பது இந்நாளில் எண் போட்ட அட்டையாக வரும். நிறுத்தினார். அதை வலது கையில் ஏந்தாதவனுக்கு வாசல் திறக்காது. மறுபடி நிறுத்தினார். ஆறாம் பக்கம் முழுவதையும் வாசித்தார். ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரி இல்லை. ஏழாம் பக்கம் இல்லை. அண்ணனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லையே. எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. அங்கே மேஜை போட்டு, இன்னும் வாங்க வராதவர்களின் அட்டைகளை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன். அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தார்.

எழுந்திருந்து அது என் கருத்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து பேசுவது அந்தச் சபையில் யாரும் செய்ததில்லை; அவளும் செய்யவில்லை. கால் எழும்பவில்லை என்று பின்னால் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். கால்மேல் பழி போடுவது சுலபம்.

ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். சிலர் விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு கிழவர் அண்ணனைப் பார்க்காமல் மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனார். மிருகத்தின் கணக்கப்பிள்ளை என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அன்று மத்தியானம் அண்ணன் வீட்டில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போதகரின் அலுவலகத்துக்குப் போனாள். கட்டுரையைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், குரலில் தேன் வழிந்தது. அவள் உட்காரவில்லை.

"ஐயா, அது நான் மறுக்கிறதுக்காக எழுதின பக்கம். அடுத்த பக்கத்தைப் படிச்சீங்கல்ல?"

"படிச்சேன் சிஸ்டர். பன்னிரண்டு பக்கமும் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் ஒரு வார்த்தை கூட்டினேனா? குறைச்சேனா? நீங்க எழுதினதத்தானே வாசிச்சேன்."

"இந்த அடையாளங்களை வச்சு நமக்குப் பிடிக்காதவங்களைச் சுட்டிக் காட்டக் கூடாதுன்னு மேடம் உங்களுக்கும்தானே சொல்லிக் கொடுத்தாங்க?"

பொய் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். பொய் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"அந்தப் பேப்பர்ல என் வருஷத்துல நான்தான் முதல் மார்க்," என்றார். "படிக்கிறது வேற சிஸ்டர், சபையை நடத்துறது வேற. உங்களுக்கு அது புரிய நாள் ஆகும்."

ஒன்பது நாள் கட்டிலருகே உட்கார்ந்த மனிதர். இவர் அறியாமல் செய்யவில்லை, அறிந்தே செய்தார் என்பதுதான் அவளைக் கொன்றது. தெரியாதவன் தப்பாகப் படித்தால் திருத்தலாம். எல்லாம் தெரிந்தவனை எந்தப் பக்கத்தைக் காட்டித் திருத்துவது? வீட்டுக்கு வந்ததும் சிபாரிசுக் கடிதத்தை உறையிலிருந்து எடுத்தாள். கிழிக்க மனம் வரவில்லை. மறுபடி உறையில் போட்டாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை அண்ணி வந்து கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் பேசத் தயாராக இருக்கிறார் என்றாள். போனால், அண்ணன் சாப்பாட்டு மேஜையில் வேதாகமத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் நான்கு நாளில் நான்கு வருஷம் மூத்திருந்தது. அவள் கட்டுரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது கையமர்த்தினார். பதினோராம் வசனத்தில் விரலை வைத்தார்.

இரண்டாவது மிருகம். ஆட்டுக்குட்டிக்கு இருப்பதுபோல இரண்டு கொம்பு, பேசுவது வலுசர்ப்பத்தைப் போல. ஜனங்களை ஏமாற்றி முதல் மிருகத்தை வணங்க வைக்கும்.

"இது யாரு? பாத்தா ஆட்டுக்குட்டி, பேச்சு பாம்பு. இதைவிடப் பொருத்தமா ஒரு ஆளு கிடைப்பானா?" என்றார் அண்ணன். "கூட்டத்துல உனக்கு அஞ்சு நிமிஷம் வாங்கித் தர்றேன். எழுந்து இதை வாசி. அவன் பேரைச் சொல்லக்கூட வேணாம். அவன் சொன்னானா?"

அவளுக்குப் பக்கென்றது. பொருத்தம் அப்படி இருந்தது. திங்கட்கிழமை அந்த அலுவலகத்திலிருந்து திரும்பும்போது அதே வசனம் அவளுக்கும் நினைவு வந்திருந்தது; பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கொம்பை அவர் தலையில் வைத்துப் பார்த்து ரசிக்கக்கூடச் செய்தாள். எட்டாம் பக்கத்தில் அந்த மிருகத்தைப் பற்றியும் எழுதியிருந்தாள். இராயனைக் கும்பிடச் சொல்லி ஜனங்களை நெருக்கிய உள்ளூர் அதிகாரிகளும் பூசாரிகளும் என்று. ஐந்து நிமிடம் போதும். சபை மறுபடி தலையைத் திருப்பும், இந்தத் தடவை பிரசங்க மேடையின் பக்கம். அண்ணன் திரும்பக் கிடைப்பார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு திரும்பக் கிடைக்கும்.

"அண்ணே, அது அவர் இல்லை," என்றாள். "நான் கூட்டத்துல எழுந்து என் கட்டுரை முழுசையும் வாசிக்கிறேன். அட்டைக்கும் முத்திரைக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்றேன். அவர் என்னை ஏமாத்தினார்னு அவர் முகத்துக்கு நேரா சொல்றேன். ஆனா இதை மட்டும் கேக்காதே. அவர் செஞ்சதையே நானும் செஞ்சா நான் படிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

"உன் படிப்பு," என்றார் அண்ணன். வேதாகமத்தை மூடிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

கூட்டத்தில் பேச அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் பேர் இல்லாதவர்கள் பேச முடியாது என்பது அண்ணன் கொண்டுவந்த விதி. பேரைச் சேர்க்கவேண்டிய செயலாளரும் அவரே. அவர் சேர்க்கவில்லை. அட்டை இல்லாமலே வாக்கெடுப்பு நடந்தது, வேன்கள் வந்தன, கைகள் உயர்ந்தன. போதகருக்கு இன்னும் ஐந்து வருஷம். அண்ணன் செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக அண்ணியோடு வெளியேறினார். அவள் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, யாரும் வேண்டாத முன்னூற்றுச் சொச்சம் அட்டைகளைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சும்மா இருக்கமுடியாமல் எண் வரிசையில் அடுக்கினாள். அண்ணனுடைய முதல் எண் அதில் இல்லை. அது ஒன்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கட்டுரை திருத்தப்பட்டு வந்தது. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பேராசிரியை பாராட்டி யாரும் கண்டதில்லை. அவர்கூட ஓரங்களில் சிவப்பு மையில் அங்கங்கே எழுதியிருந்தார். தலைகளைக் கூட்டின இடத்தில் நல்ல கவனம் என்று. எண்ணைப் பற்றிய இடத்தில் பிரதி வேறுபாட்டைச் சொன்னது சிறப்பு என்று. ஏழாம் பக்கத்தில் வாதம் உறுதியாக இருக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பன்னிரண்டு பக்கமும் இருக்கிறது, முழுக்கப் படித்தால் அவருக்குப் புரியாமலா போகும், கறார் மனிதர் அல்லவா, ஒரு எண்கூட விடாமல் மீட்டர் பார்த்தவர் அல்லவா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள். அண்ணன் கூடத்தில் இருந்தார். அவள் கட்டுரையை நீட்டினாள். முழுசாப் படி அண்ணே, அப்புறம் என்னைத் திட்டு என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. பக்கங்களின் மூலையைக் கட்டைவிரலால் எண்ணி ஆறாம் பக்கத்தைத் திறந்தார். மெதுவாகப் படித்தார். அட்டை வருகிற வரியில் விரல் நின்றது. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் இருந்ததை வாய்விட்டு வாசித்தார்.

"கட்டுரையிலேயே மிகச் சிறந்த பக்கம் இதுதான்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க டீச்சரும் இதைத்தான் நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்காங்க."

"அடுத்த பக்கத்தைத் திருப்பு அண்ணே," என்றாள் அவள். "ஒரே ஒரு பக்கம்."

அண்ணன் தாள்களைத் தட்டிச் சீராக்கி, அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.